மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியும் தலை நகைகளும்: பாரம் தெரியாமல், நழுவாமல் பொருத்துவது எப்படி

நெற்றிச்சுட்டி நழுவுகிறது என்றால் பெரும்பாலும் நகையில் குறை இருக்காது. அதைக் கொழுவிய இடத்தில்தான் குறை. கொழுக்கியை நேரே முடியில் மாட்டினால் பத்து இருபது மயிர் அந்தப் பாரத்தைச் சுமக்கும். வலி அங்கே தொடங்கும், நகையும் அங்கிருந்தே வழுக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் ஒரு விசயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: நகையைத் தலையில் வைக்க முன்னம் அதைத் தாங்கும் பிடிமானத்தைக் கட்டிவிட வேண்டும்.

கடையில் மாங் டிக்கா என்று கேட்டு வாங்குவதும் இதே நெற்றிச்சுட்டிதான். ஒற்றைச் சங்கிலியில் வரும், இரண்டு பக்கச் சங்கிலியோடும் வரும். இரண்டுக்கும் இங்கே வழி இருக்கிறது.

1. முதலில் நிறுத்துப் பாருங்கள்

கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னமே தலைக்கு வைக்கப்போகும் எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி, சமையலறை டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். சவுரியையும் பூவையும் விட்டுவிட வேண்டாம். கூடுதல் பாரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு உதாரணம். ஒரு பெண்ணுக்கு முடி மெல்லியது, தோளுக்குக் கொஞ்சம் கீழே வரை இருக்கிறது. பக்கச் சங்கிலியோடு நெற்றிச்சுட்டி 52 கிராம். சூரியனும் சந்திரனும் 18 கிராம்படி 36. ராக்கொடி 64. சடைவில்லை ஒன்பதும் சேர்த்து 210. குஞ்சலம் 75. சவுரி 120. பூ 180. மொத்தம் 737 கிராம்.

மொத்தத்தைப் பார்த்துப் பயப்படுவதை விட, அது எங்கே தொங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. முன்தலையில் 88 கிராம், பின்தலையில் ராக்கொடி 64, பின்னலில் மட்டும் 585. அப்படியென்றால் "நெற்றிச்சுட்டி சின்னதா வாங்குவம்" என்று பேசுவதில் பயன் குறைவு. தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை நோகவைக்கப் போவது பின்னல்தான்.

இந்தப் பெண்ணுக்கு எங்கே குறைக்கலாம்? ஒன்பது வில்லையில் மேலே உள்ள பெரிய ஐந்து மட்டும் போதும். அவை 140 கிராம், ஆக 70 மிச்சம். உலோகக் குஞ்சலத்துக்குப் பதில் 30 கிராமில் நூல் குஞ்சலம், 45 மிச்சம். பின்னல் நெடுக பூ சுற்றாமல் அடியைச் சுற்றி மட்டும் வைத்தால் 100 கிராம் போதும், 80 மிச்சம். பின்னலின் பாரம் 390க்கு இறங்கிவிடும். முன்னால் நின்று பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

நெற்றிச்சுட்டியின் பதக்கத்தை மட்டும் தனியே கையில் ஏந்திப் பாருங்கள். ஒற்றைச் சங்கிலியில் பதக்கம் 15 கிராமைத் தாண்டினால் அது ஆடும், இழுக்கும். அந்தப் பாரத்துக்குப் பக்கச் சங்கிலி உள்ளதை எடுப்பது நல்லது.

2. நகையின் பின்பக்கம்

பதக்கத்தின் பின்பக்கத்தில் ஒரு பஞ்சுத் துண்டை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் நெற்றித் தோலும் கீறும். அந்த இடத்தில் மெல்லிய துணிப் பிளாஸ்டரை அளவாக வெட்டி ஒட்டலாம்.

கவரிங் நகை என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். பதக்கத்தை முழங்கையின் உள்பக்கத்தில் வைத்து ஒரு நாள் கட்டி விடுங்கள். சிவந்து அரித்தால் அதில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வியர்வை பட்டால் அரிப்பு இன்னும் கூடும். மட்டக்களப்பில் வியர்க்காத கலியாணம் எது? துணிப் பிளாஸ்டர் ஓரளவு காக்கும், ஆனால் நன்றாகச் சிவந்திருந்தால் நகையை மாற்றுவதே சரி.

கொழுக்கி திறந்த கம்பியாக இருந்தால் நகைக்கடையில் கொடுத்து அதன் இடத்தில் சின்ன வளையம் ஒன்று போட்டு வாங்குங்கள். வளையத்துக்குள் கிளிப் போகும், நூலும் போகும். திறந்த கொழுக்கிக்குள் முடி மட்டும்தான் போகும்.

3. எடுத்து வைக்க வேண்டியவை

கறுப்புக் கிளிப் முப்பது, கொண்டை ஊசி இருபது, முடி நிறத்தில் சின்ன றப்பர் வளையம் பத்து, தடித்த றப்பர் இரண்டு, கறுப்பு நூலும் மொட்டை முனை ஊசியும், அரை அங்குலக் கறுப்பு ரிபன் ஒரு யார், வால் சீப்பு, ஹெயார் ஸ்பிறே, சின்னக் குறடு, சின்னக் கத்தரிக்கோல். கிளிப்பைக் கையால் விரித்துப் பாருங்கள். விட்டதும் பழையபடி மூடாத கிளிப்பைப் பெட்டியில் வைத்திருக்கவே கூடாது. இந்தக் கரையோரத்து உப்புக்காற்றில் துருப்பிடித்தவையும் வேண்டாம், பூவின் ஈரத்தில் துரு கசியும்.

4. முடியை முந்திய நாளே முழுகிக் காயவிடுதல்

அன்றைக்குத்தான் ஷாம்பு போட்ட முடி பட்டுப்போல் வழுக்கும், கிளிப் நிற்காது. எண்ணெய் வைத்த முடியும் அப்படித்தான். முந்திய நாள் முழுகி, கண்டிஷனரை நுனியில் மட்டும் போட்டு, அன்று காலையில் எண்ணெய் தொடாமல் இருக்க வேண்டும்.

பால் அறுகு வைத்து முழுக வார்க்கும் வீடுகளில் இது சரிவராது, காலையிலேயே தலை நனைந்துவிடும். சடங்கைத் தவிர்க்கச் சொல்ல முடியாது. அதனால் நேரத்தை முன்னுக்குத் தள்ளுங்கள். அடர்ந்த முடி காய ஒன்றரை மணித்தியாலமாவது தேவை. வெளிப்பக்கம் காய்ந்திருந்தாலும் பிடரியில் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் அங்கேதான் தங்கும். ஈரத்தோடு இறுக்கிப் பின்னிய பின்னல் காயக் காயத் தளரும். மேலே வைத்த வில்லைகள் எல்லாம் அதோடு கீழே இறங்கும்.

காய்ந்த பிறகு, பிடிமானம் வரும் இடங்களில் மட்டும் வேரில் ஸ்பிறே அடித்து ஒரு நிமிடம் விடுங்கள். கிளிப்புகளின் மேலும் கொஞ்சம் அடித்துக் காயவைத்தால் அவற்றுக்கும் பிடிப்பு வரும்.

5. உச்சியும் பிடிமானமும்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். முழுத் தலையையும் வாரிப் பின்னி முடித்த பிறகு சுட்டியை எங்கே கொழுவுவது என்று தேடுகிறார்கள். அப்போது கைக்கு அகப்படுவது இழுத்து வாரிய வழுக்கும் முடி மட்டும்தான்.

பின்னலைத் தொட முன்னம் மூக்கு நுனிக்கு நேராக உச்சி எடுங்கள். நெற்றி நடுவைக் கண்ணால் அளக்க வேண்டாம். முடிக்கரை பலருக்கு ஒரு பக்கம் ஏறியிருக்கும், அதை நம்பினால் சுட்டி சரிந்து நிற்கும்.

இனி சுட்டியை உச்சியில் வைத்து, பதக்கம் நெற்றியில் சரியான இடத்தில் நிற்கும்போது வளையம் எங்கே வருகிறது என்று பார்த்து அந்த இடத்தைக் கிளிப்பால் அடையாளம் வையுங்கள். பிடிமானம் கட்ட வேண்டிய இடம் அதுதான். ஒவ்வொரு சுட்டிக்கும் சங்கிலி நீளம் வேறு, ஒவ்வொரு நெற்றிக்கும் உயரம் வேறு. பழகிய கை என்று அடையாளம் வைக்காமல் விடாதீர்கள்.

அந்த இடத்தில் உச்சியின் இரு பக்கத்திலிருந்தும் பென்சில் தடிப்பில் முடி எடுத்து, மூன்று காலாகச் சேர்த்து, பின்பக்கம் பார்த்து இரண்டு விரல் நீளத்துக்குச் சின்னப் பின்னல் ஒன்று போடுங்கள். நுனியைச் சின்ன றப்பரால் கட்டுங்கள். மெல்லிய முடி என்றால் பின்ன முன்னம் வேரில் சீப்பால் கொஞ்சம் பின்வாரி விடுங்கள், பின்னலுக்குத் தடிப்பு வரும். இந்தச் சின்னப் பின்னலைத் தலையோடு படுக்கவைத்து இரண்டு கிளிப்பைக் குறுக்கு மறுக்காக, பெருக்கல் குறிபோல் போடுங்கள். ஒரு கிளிப் தனியே முடியின் வழியில் நழுவும். இரண்டாவது அதைப் பூட்டிவிடும்.

கிளிப்பின் திசையைப் பலர் கவனிப்பதில்லை. நெளிந்த கால் தலைப்பக்கம் இருக்க வேண்டும், முடியைப் பிடிப்பது அந்த நெளிவுதான். சுட்டியின் வளையத்துக்குள் போகும் கிளிப்பின் திறந்த வாய் நெற்றியைப் பார்க்க வேண்டும், அதாவது பின்னாலிருந்து முன்னுக்குக் குத்த வேண்டும். சுட்டி எப்போதும் முன்னுக்குத்தான் இழுக்கும். வாய் முன்னுக்கு இருந்தால் அந்த இழுவையே கிளிப்பை இன்னும் உள்ளே தள்ளும். முன்னாலிருந்து பின்னுக்குக் குத்தினால் ஒவ்வொரு முறை குனியும்போதும் கிளிப் ஒரு நூலளவு வெளியே வரும், தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாக விழும்.

பக்கச் சங்கிலி உள்ள சுட்டிக்கு இதே மாதிரி இன்னும் இரண்டு பிடிமானம், காதுக்கு இரண்டு விரல் மேலே, கொஞ்சம் பின்தள்ளிக் கட்டுங்கள். காதோடு ஒட்டிக் கட்டினால் காதின் பின்னால் எலும்பில் அழுத்தி, ஒரு மணித்தியாலத்தில் தலையிடி தொடங்கும்.

இப்போது சுட்டியைக் கழற்றி வையுங்கள். அதைப் போடுவது பின்னலும் பூவும் முடிந்த பிறகுதான்.

6. பின்னல், சவுரி, வில்லை

மிச்ச முடியை இழுத்துப் பிடரிக்கு மேல் தடித்த றப்பரால் கட்டுங்கள். மிகத் தாழ்வாகக் கட்டினால் பின்னலின் பாரம் முழுவதும் பிடரியின் மெல்லிய முடியில் விழும். காதின் மேல் முனைக்கு நேராகக் கட்டினால் பாரம் பரவும், ராக்கொடியும் நிமிர்ந்து நிற்கும்.

சவுரியை றப்பரில் சொருகி விட்டால் போதாது. சவுரியின் கயிற்றைக் கட்டின அடியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, மேலே நாலு கொண்டை ஊசி நாலு பக்கமும் குத்துங்கள். பிறகு அரை அங்குல ரிபனை அதே அடியில் முடிந்து, பின்னலின் ஒரு காலோடு சேர்த்துப் பின்னிக்கொண்டு போங்கள். இந்த ரிபன்தான் வில்லைகளைச் சுமக்கப் போகிறது.

வில்லைகளைக் கொழுக்கியால் முடியில் மாட்டாமல், கறுப்பு நூலால் ரிபனோடு சேர்த்து மேலிருந்து கீழாகத் தையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடத்தில் தையல், ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒரே நூலில் தொடர்ந்து தைத்தால் ஒன்று அறுந்ததும் எல்லாம் தளரும். பாரம் ரிபன் வழியே கட்டின அடிக்குப் போகும், நடுப்பின்னலின் முடியை இழுக்காது.

முடிந்ததும் பெண்ணை மணவறையில் இருப்பது போல் தாழ்ந்த பலகையில் இருத்திப் பாருங்கள். குஞ்சலம் பலகையில் மடிந்து கிடந்தால் பின்னல் நீளம் கூட. எழும்பும்போது யாராவது சேலையோடு சேர்த்து அதை மிதிப்பார்கள், அல்லது பெண்ணே அதன் மேல் இருந்துவிட்டு நிமிர்வார். குஞ்சலத்தின் நுனி பலகைக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும்.

7. ராக்கொடியும் பூவும்

ராக்கொடியின் ஓரத் துளைகளை நாலு திசையிலும் நூலால் கட்டின அடியோடு தையுங்கள். பூவை அதைச் சுற்றிக் கடைசி அரை மணித்தியாலத்தில் வையுங்கள். தண்ணீர் தெளித்த பூச்சரம் காய்ந்ததை விடப் பாரம் கூட, அந்த ஈரம் பிடரிக்கும் இறங்கும். நன்றாக உதறி வைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மல்லிகை சீக்கிரம் வாடும் என்று சரத்தை இரட்டிப்பாக வைப்பார்கள். அதை விட, ஒரு சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து கூறை மாற்றும் நேரத்தில் புதிதாக வைத்துவிடலாம்.

8. சுட்டியைப் பொருத்துதல்

முகப்பூச்சு முடிந்து பொட்டும் வைத்த பிறகே சுட்டி. வளையத்தைப் பின்னல் பிடிமானத்தின் கிளிப்பில் கோத்து விடுங்கள். பெண் நேரே பார்க்கட்டும், பதக்கத்தின் கீழ் ஓரம் பொட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும். புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். பதக்கம் மேலே துள்ளினால் சங்கிலி இறுக்கம். பக்கவாட்டில் ஆடினால் தளர்ச்சி. மூன்று நாலு மில்லிமீற்றர் தளர்வு சரியான அளவு.

பாரமான பதக்கம் குனியும்போது நெற்றியை விட்டுத் தொங்கும். அதைத் தடுக்கச் சங்கிலியை இறுக்குவார்கள், அதனால் வலிதான் கூடும். ஆட்டத்தைத் தீர்மானிப்பது கட்டாமல் கிடக்கும் சங்கிலியின் நீளம். முடிக்கரைக்கு ஒரு விரல் பின்னால் சங்கிலியின் ஒரு கண்ணியில் கறுப்பு நூலைக் கோத்து, உச்சியின் இரு பக்கத்து முடியோடும் கட்டி விடுங்கள். நடுவில் இன்னொன்று. இப்போது முழுச் சங்கிலியும் ஆடாது, பதக்கம் மட்டும் கொஞ்சம் அசையும். இந்த நூல் காவலும்கூட: கிளிப் விட்டுப்போனாலும் பவுன் சுட்டி சனத்துக்குள் விழாது.

பக்கச் சங்கிலிகளை நடு முடிந்த பிறகுதான் கட்ட வேண்டும். ஒருவர் பதக்கத்தை விரலால் பிடித்திருக்க, மற்றவர் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்துக் கட்டட்டும். ஒரு பக்கத்தை முதலில் இழுத்துக் கட்டினால் பதக்கம் அந்தப் பக்கம் போய்விடும். பிறகு அதைச் சரிசெய்ய மற்றதை இழுப்பார்கள், இரண்டும் இறுகிப் பதக்கம் முடிக்குள் ஏறிக்கொள்ளும்.

கண்ணிமைப் பசை ஒரு சொட்டுப் பதக்கத்தின் பின்னால் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வியர்த்ததும் அது விட்டுவிடும், பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். நூல் சரியாகக் கட்டியிருந்தால் பசை தேவைப்படாது.

9. சூரியன், சந்திரன்

மணப்பெண்ணின் வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன். கண்ணாடியில் பார்த்து வைத்து மாறிப்போவது அடிக்கடி நடக்கும். உச்சியிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரத்தில், பின்னால் உள்ள வளையத்தில் குறுக்காக இரண்டு கிளிப். பக்கச் சங்கிலியின் மேல் ஏறி இருக்கக் கூடாது.

10. குனிந்து பார்க்கும் சோதனை

"குனிஞ்சு பாரு புள்ள" என்று சொல்லி, காலில் விழுவது போலக் குனிந்து மெதுவாக நிமிரச் சொல்லுங்கள். பிறகு தலையை இரண்டு பக்கமும் திருப்பட்டும். பத்து நிமிடம் சும்மா இருக்க விட்டுப் பிறகு எங்கே நோகிறது என்று கேளுங்கள். போட்டவுடன் கேட்டால் எல்லாப் பெண்ணும் "பரவாயில்ல அக்கா" என்றுதான் சொல்லும்.

விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் குத்தினால் அது ஒரு கிளிப்பின் நுனி. அதை மட்டும் எடுத்து மாற்றிக் குத்துங்கள். பின்தலை முழுவதும் இழுத்தால் கட்டின அடி இறுக்கம் அல்லது பின்னல் பாரம். வால் சீப்பின் காம்பை அடியில் விட்டு முடியை ஒரு நூலளவு மேலே தூக்கி விட்டால் பலருக்கு உடனே விட்டுப்போகும். முடிக்கரையில் தோல் சின்னச் சின்ன மேடாக எழும்பி நின்றால் பொறுக்கச் சொல்ல வேண்டாம், கழற்றிக் கட்டுங்கள். பாதிக் கலியாணத்தில் கழற்றுவதை விட இப்போது இருபது நிமிடம் போவது மேல்.

11. சடங்கின் இடையில் கவனிக்க வேண்டிய இடங்கள்

தலை அலங்காரம் கெடுவது கூடுதலாகக் கூறை மாற்றும்போதுதான். நேரம் குறைவு, சின்ன அறை, நாலு பேரின் கை. சட்டை முன்னால் கொழுக்கி வைத்ததாக இருக்க வேண்டும், தலைவழியாகப் போடுவது என்றால் எல்லாம் வீண். முந்தானையைத் தோளில் போட முன்னம் பின்னலை முன்னுக்கு எடுத்து ஒருவர் கையில் பிடித்திருக்கட்டும். அறையை விட்டு வெளியே வர முன்னம் சுட்டியின் கிளிப்பை ஒரு முறை விரலால் தள்ளி விடுங்கள்.

தாலி கட்டும்போது பின்னலையும் பூவையும் தூக்கிப் பிடிக்கும் ஆளிடம் முன்னமே சொல்லி வையுங்கள்: ராக்கொடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பின்னலின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். பிடரிக்குக் கீழே கொண்டை ஊசியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் தாலிக்கொடி அதில் சிக்கும். குத்தும்போதே நுனி மேல்நோக்கி இருக்கட்டும்.

மாலை மாற்றும்போது மாப்பிள்ளை மாலையை அகல விரித்துப் போட வேண்டும். சூரியன் சந்திரனில் மாலை நார் மாட்டினால் இழுக்காமல் நிற்க, தோழி எடுத்து விடட்டும். அறுகரிசி போட்ட பிறகு அரிசி சங்கிலிக்குள் சிக்கிக் குத்தும். அதைக் கையால் துழாவாமல் வால் சீப்பின் நுனியால் தட்டி எடுங்கள்.

12. முக்காட்டின் மேல் வைப்பதானால்

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் முக்காட்டின் மேல் சுட்டி வைக்கும் மணப்பெண்களுக்குப் பிடிமானம் முடியில் வராது, உள்தொப்பியில் வரும். சாட்டின் உள்தொப்பி வழுக்கும், பருத்தியில் எடுங்கள். சுட்டியின் வளையம் வரும் இடத்தில் உள்தொப்பியில் ஒரு சின்னத் துணிப் பட்டியை மடித்துத் தைத்து, வளையத்தை முக்காட்டுத் துணியோடு சேர்த்து அந்தப் பட்டியில் சட்டைப் பின் ஒன்றால் பூட்டுங்கள். முத்துத்தலைக் குண்டூசி இந்தப் பாரத்துக்கு வளையும், துணியைக் கிழிக்கும். பக்கச் சங்கிலிக்கும் அப்படியே. குனிந்து பார்க்கும் சோதனை இங்கேயும் உண்டு. சுட்டி முன்னுக்கு வந்தால் பெரும்பாலும் உள்தொப்பிதான் முன்னுக்கு வழுகியிருக்கும்.

13. கழற்றும் வரிசை

இரவு களைப்பில் சுட்டியை இழுத்து எடுப்பதில்தான் முடி கொத்தாக வரும். போட்ட வரிசையைத் திருப்பிப் போங்கள். முதலில் பூ, பிறகு சூரியன் சந்திரன், பக்கச் சங்கிலிகள், அதன் பிறகு உச்சியின் நூல்களைக் கத்தரித்துச் சுட்டி. ராக்கொடியின் தையலை வெட்டி எடுத்து, வில்லைகளைக் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு வாருங்கள். பின்னலின் பாரம் இறங்க இறங்கக் கழுத்து லேசாகும். கத்தரிக்கோலின் முனை எப்போதும் நகைப்பக்கம் பார்க்கட்டும், முடிப்பக்கம் வேண்டாம்.

எடுத்த கிளிப்புகளை எண்ணுங்கள். முப்பது குத்தி இருபத்தெட்டு வந்தால் மற்ற இரண்டும் இன்னும் தலைக்குள்தான். அவற்றைத் தேடி எடுக்காமல் பெண்ணைத் தலையணையில் சாய விடாதீர்கள்.